பச்சைப்பிள்ளைப் படத்தில் சிவப்புத் திட்டைத் தணிப்பது: தோலை மழுக்காமல் நிறத்தை மட்டும் தொடும் முறை

பிறந்து பத்து நாளான பிள்ளையின் முகப் படம் ஒன்றை Photoshop-இல் திறந்து, Channels பலகையில் Red என்பதை மட்டும் சொடுக்கிப் பாருங்கள். கன்னம் ஏறக்குறையச் சீராகவே தெரியும். அடுத்து Green-ஐச் சொடுக்குங்கள். அதே கன்னம் திட்டுத்திட்டாக, கறை பிடித்ததாகத் தெரியும்.

தோலுக்கடியில் ஓடும் இரத்தம் பச்சை ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சிக்கொள்ளும், சிவப்பை அதிகம் தொடாது. பிறந்த பிள்ளைக்குத் தோல் மெல்லியது, இரத்தத்தில் சிவப்பணுவும் அதிகம். ஆகவே எங்கே இரத்தம் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறதோ அங்கே பச்சை விழுந்துவிடுகிறது, நம் கண்ணுக்கு அது சிவப்பாகப் படுகிறது. திட்டு என்பது பெரும்பாலும் நிறத்தில் உள்ள விஷயம். அதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் இருட்டும் வருகிறது. தோலின் மென்மையோ வேறிடத்தில் இருக்கிறது: கன்னத்துப் பூனைமயிர், மணிக்கட்டு மடிப்பு, நுனிமூக்கின் சின்னச் சின்னப் புள்ளிகள். இவையெல்லாம் நிறத்தில் இல்லை, வெளிச்ச வேறுபாட்டில் இருக்கின்றன.

இதை மனதில் வைத்தால் முழு வேலையும் சுலபம். நிறத்தைத் திருத்துங்கள், வெளிச்சத்தைச் சிறிதளவே தொடுங்கள், எதையும் மங்கலாக்காதீர்கள். நம்மூர் ஸ்டூடியோக்களில் பிள்ளைப் படம் என்றவுடன் தோலை வழவழப்பாக்கும் பிளக்-இன்னை ஓட்டிவிடும் பழக்கம் உண்டு. அதில் திட்டு போவதில்லை. மங்கிய திட்டாக அப்படியே நிற்கும், போவது பூனைமயிர் மட்டும்தான்.

எந்தச் சிவப்பு போகவேண்டும்

கருவியைத் தொடுமுன் படத்தை முழு அளவில் வைத்துப் பிள்ளையை நன்றாகப் பாருங்கள். எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல.

அழுகையாலும் சூட்டாலும் கன்னத்தில் பரவும் திட்டு, முதல் சில நாட்களில் வந்து ஒன்றிரண்டு கிழமையில் தானாகவே போய்விடும் செம்புள்ளிகள், வியர்க்குரு, நகக்கீறல், இவை தற்காலிகமானவை. இவற்றைத் தணிக்கலாம். இமையிலும் நெற்றி நடுவிலும் பிடரியிலும் இருக்கும் இளஞ்சிவப்பு அடையாளம் பிறவியிலேயே வருவது, மாதக்கணக்கில் இருக்கும். அதைத் தாய் தகப்பனிடம் கேட்காமல் தொடக்கூடாது. இடுப்புக்குக் கீழே நீலச் சாம்பல் நிறத்தில் தெரியும் படையும் அப்படித்தான், நம்மவர் பிள்ளைகளுக்கு அது மிகச் சாதாரணம். இரண்டையும் நான் விட்டுவிடுவேன்.

இனி, இருக்கவே வேண்டிய சிவப்பு: உதடு, காதின் விளிம்பு, விரல் நுனி, குதிகால், மூக்கோரம். இவற்றைத் தோல் நிறத்துக்குக் கொண்டுவந்தால் பிள்ளை மெழுகுப் பொம்மையாகிவிடும். ஏழாம் நாள் முடியிறக்கிய பிள்ளைகளின் படம் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து நிறைய வரும். அதில் சவரத்தால் வந்த உச்சந்தலைச் சிவப்பைப் பாதியளவு தணித்தால் போதும். முழுதும் எடுத்தால் தலை ஒரு நிறம், முகம் ஒரு நிறமாகப் பிரிந்து நிற்கும்.

நெற்றியில் அல்லது கன்னத்தில் வைத்த கறுப்புப் பொட்டு அழுக்கல்ல. அதை அழித்துக் கொடுத்தால் அம்மம்மா படத்தைத் திருப்பி அனுப்புவார்.

எடுத்துக்கொண்ட படம்

முதல் மாதப் படங்கள் பெரும்பாலும் வீட்டாரே எடுத்தவையாகத்தான் வருகின்றன. 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை வெளியாட்களைப் பல வீடுகளில் உள்ளே எடுப்பதில்லை. நான் எடுத்துக்கொள்ளும் படமும் அப்படியானதுதான். கல்லடியில் ஒரு வீட்டில் பிள்ளையின் மாமா எடுத்தது. 24 மெகாபிக்சல் கமரா, JPEG கோப்பு. யன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது. தாயின் மடியில் வெள்ளைத் துவாயில் பிள்ளை தூங்குகிறது. தாய் உடுத்திருப்பது மெரூன் நிற நைட்டி. வலது கன்னத்தில் பெரிய திட்டு, நெற்றியில் இரண்டு சிறியவை, நாடிக்குக் கீழே ஒரு சிவப்பு, கைவிரல்கள் லேசாக ஊதா.

நாடிக்குக் கீழே உள்ளது தோலின் சிவப்பே அல்ல. நைட்டியில் பட்டுத் தெறித்த வெளிச்சம். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது: தெறிப்பு நிறம் உடையைப் பார்த்திருக்கும் பக்கம் மட்டும் விழும், விளிம்பு இல்லாமல் மெல்ல மங்கும், பக்கத்திலுள்ள துவாயிலும் அதன் சாயல் இருக்கும். தோலின் திட்டுக்கு ஒழுங்கற்ற கரை உண்டு, துவாயில் எதுவும் தெரியாது. தெறிப்பைப் பின்னால் வேறு முறையில் எடுப்போம்.

முதலில் வெள்ளை, பிறகு தோல்

வெள்ளைச் சமநிலை பிழையாக இருந்தால் பிள்ளை முழுதுமே சிவந்து தெரியும், நீங்கள் இல்லாத திட்டைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். படத்தை Smart Object ஆக்கி, Filter > Camera Raw Filter போய், அங்குள்ள வெள்ளைச் சமநிலைத் துளிக்குழாயால் துவாயில் ஓரிடத்தைச் சொடுக்குங்கள். நைட்டிக்குத் தூரமான, யன்னல் வெளிச்சம் நேராக விழும், ஆனால் வெளிறிப்போகாத இடமாக அது இருக்கவேண்டும். வெள்ளை சரியாக வந்தபின் Temperature-ஐக் கொஞ்சம் சூட்டுப் பக்கம் தள்ளலாம், பிள்ளைப் படத்துக்கு அது அழகு. Texture, Clarity இரண்டையும் தொடவேண்டாம். Clarity-ஐக் கூட்டினால் திட்டின் கரை கூர்மையாகும். குறைத்தால் பூனைமயிர் போய்விடும்.

அளந்து பார்த்தல்

கண்ணை மட்டும் நம்பவேண்டாம். பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அதை வைத்தே கண் சிவப்பை மதிப்பிடும். துளிக்குழாய் கருவியை எடுத்து, மேலே Sample Size-ஐ 11 by 11 Average என்று வையுங்கள். அப்போதுதான் ஒரு மயிர்க்காலின் நிறமாக இல்லாமல் அந்த இடத்தின் நிறமாகக் கிடைக்கும். Shift அழுத்தியபடி நல்ல தோலில் ஒரு சொடுக்கு, திட்டின் நடுவில் ஒரு சொடுக்கு. இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கவேண்டும். Info பலகையில் இரண்டின் எண்களும் நிற்கும்.

இந்தப் படத்தில் நல்ல தோல் 199, 143, 115. திட்டு 191, 107, 92. சிவப்பில் வித்தியாசம் வெறும் 8, பச்சையில் 36. தொடக்கத்தில் சொன்னது இதுதான். Info-வை HSB-க்கு மாற்றினால் நல்ல தோலின் Hue 20 பாகை, திட்டினது 9 பாகை. நிறவட்டத்தில் 0 என்பது தனிச்சிவப்பு, 60 மஞ்சள். நம்மவர் தோல் பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில், செம்மஞ்சள் பக்கம் இருக்கும். ஆகவே திட்டை 9-இலிருந்து 20-ஐ நோக்கிக் கொஞ்சம் நகர்த்துவதே வேலை.

திட்டை மட்டும் பிடித்தல்

ஒரு Hue/Saturation அஜஸ்ட்மென்ட் லேயர் சேருங்கள். Master என்றிருக்கும் இடத்தில் Reds-ஐத் தெரிந்தெடுங்கள். அப்படியே விட்டால் அது மிக அகலமான வீச்சு, நல்ல தோலையும் சேர்த்தே பிடித்துவிடும்; முழுமுகமும் மஞ்சளாவது இதனால்தான். பலகையில் உள்ள துளிக்குழாயால் திட்டின் நடுவைச் சொடுக்குங்கள், வீச்சு அந்த நிறத்தை நடுவாகக் கொண்டு நகரும்.

இப்போது Hue-வைத் தற்காலிகமாக +180-க்குத் தள்ளுங்கள். பிடிபட்ட இடமெல்லாம் நீலப்பச்சையாகிவிடும். பார்க்க விகாரமாக இருக்கும், ஆனால் இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. அடியிலுள்ள நிறப்பட்டையில் நாலு பிடிகள் உண்டு: உள்ளே இரண்டு குச்சிகள், வெளியே இரண்டு முக்கோணங்கள். குச்சிகளுக்கு இடையில் உள்ள நிறம் முழுதாக மாறும். குச்சிக்கும் முக்கோணத்துக்கும் இடையில் உள்ளது படிப்படியாகக் குறைந்து மாறும். வலப்பக்கப் பிடிகளை உள்ளே இழுத்துக்கொண்டே வாருங்கள். நல்ல தோல் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும், திட்டு மட்டும் நீலப்பச்சையாக நிற்க வேண்டும். இந்தப் படத்துக்கு அது இப்படி வந்தது:

```
335°/350°   12°\19°
```

திட்டின் 9 பாகை குச்சிகளுக்குள் விழுகிறது, நல்ல தோலின் 20 பாகை வெளியே தப்பிவிடுகிறது. உதடும் காது விளிம்பும் உள்ளே மாட்டியிருக்கும், அதை மாஸ்க் பார்த்துக்கொள்ளும்.

Hue-வைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு +8 வையுங்கள். Saturation −12. Lightness-ஐத் தொடாதீர்கள். அது நிறத்தோடு வெள்ளையைக் கலப்பதால் பவுடர் அப்பியது மாதிரி ஆகிவிடும்.

Hue-வை ஏன் +15, +20 என்று ஏற்றக்கூடாது? திட்டின் நடுவை மட்டும் பார்த்தால் ஏற்றத்தான் தோன்றும். ஆனால் 12 பாகையில் உள்ள நிறம் +15-இல் 27-க்குப் போய்விடும். அதற்குப் பக்கத்தில் 19-இல் உள்ளது அசையாமல் நிற்கும். சிவப்பு குறைவாக இருந்த கரை மஞ்சளாகி, திட்டைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தைக் கண்டால் Hue-வைக் குறையுங்கள், அல்லது வெளி முக்கோணத்தைத் தள்ளி வைத்து மாற்றத்தை மெதுவாக்குங்கள். குச்சிக்கும் முக்கோணத்துக்கும் இடையில் எத்தனை பாகை இருக்கிறதோ, Hue-வும் கிட்டத்தட்ட அந்த அளவோடு நிற்பது நல்லது.

மாஸ்க்கைச் சொடுக்கி Ctrl+I அழுத்துங்கள், அது கறுப்பாகும், மாற்றம் மறையும். மென்மையான விளிம்புள்ள பிரஷ், வெள்ளை நிறம், Flow 10%. திட்டைவிடக் கொஞ்சம் சின்ன பிரஷ்ஷாக எடுத்து, நடுவிலிருந்து கரைநோக்கிப் பல தடவை பூசுங்கள். ஒரே இழுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். உதடு, காது, மூக்கோரத்தைத் தொடவேண்டாம்.

மிச்சமுள்ள இருட்டு

இப்போது திட்டின் எண்கள் கிட்டத்தட்ட 185, 123, 98 என்று இருக்கும். நிறம் பொருந்திவிட்டது, ஆனால் பக்கத்துத் தோலைவிட இருட்டாகவே நிற்கிறது. பலர் இந்த இடத்தில்தான் குழம்பி, "இன்னும் சிவப்பாக இருக்கிறதே" என்று Saturation-ஐ இழுத்துக்கொண்டே போவார்கள். −25 தாண்டினால் கன்னம் சாம்பல் பூக்கும். குறை நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில்.

மேலே ஒரு Curves லேயர் போடுங்கள். RGB கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து Input 125, Output 135. முந்தைய லேயரின் மாஸ்க்கை Alt அழுத்தியபடி இழுத்து இதன்மேல் விடுங்கள், ஒரே மாஸ்க் இரண்டுக்கும் வந்துவிடும். எண்கள் 193, 133, 107 அளவுக்கு ஏறும். நல்ல தோலின் 199, 143, 115-ஐ எட்டவில்லை. எட்டவும் கூடாது. ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தால் கன்னத்தின் உருட்சி போய்த் தட்டையாகிவிடும். இரண்டு லேயரையும் ஒரு Group-க்குள் போட்டு, அதன் Opacity-யை 70-க்கும் 85-க்கும் இடையில் வைத்து, கண்ணுக்குச் சரிபட்ட இடத்தில் விடுங்கள்.

ஊதா விரல்களும் நைட்டிச் சிவப்பும்

இவை Reds வீச்சுக்குள் ஒழுங்காகச் சிக்காது. இரண்டுக்கும் ஒரே மருந்து: புதிய வெற்று லேயர், Blend Mode-ஐ Color ஆக்குங்கள். Alt அழுத்தி நல்ல தோலில் நிறம் எடுத்து, Opacity 10% பிரஷ்ஷால் மெல்லப் பூசுங்கள். Color முறை கீழுள்ள வெளிச்ச வேறுபாட்டை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றும், ஆகவே விரல் மடிப்பும் உரியும் தோலும் அழியாது. நாடிக்குக் கீழே பூசும்போது நிறத்தைக் கன்னத்தின் வெளிச்சப் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள், கழுத்தின் நிழல் பகுதியிலிருந்து எடுங்கள். நிழலில் உள்ள தோலின் நிறம் வேறு.

விரல்களில் ஊதாவை எடுத்து, நுனியின் இளஞ்சிவப்பை விடுங்கள். பிறந்த பிள்ளையின் கைகால் கொஞ்சம் நிறம் மாறி இருப்பதுதான் இயல்பு. பாதிக்கு மேல் போகவேண்டாம்.

கால், தொடைகளில் வலைவலையாகத் தெரியும் சிவப்புக்கு மட்டும் வேறு வழி. அங்கே ஒவ்வொரு கோட்டையும் பூசிக்கொண்டிருக்க முடியாது. Ctrl+Alt+Shift+E அழுத்தி எல்லாம் சேர்ந்த ஒரு லேயர் எடுத்து, Gaussian Blur 40 பிக்சல் கொடுத்து, அதையும் Color முறைக்கு மாற்றி, கறுப்பு மாஸ்க் போட்டு, கால்களின் நடுப்பகுதியில் மட்டும் வெள்ளையால் திறந்துவிடுங்கள். நிறம் சராசரியாகிவிடும், தோல் கூர்மையாகவே இருக்கும். ஓரத்துக்குப் போனால் துவாயின் வெள்ளை கலந்து கால் விளிம்பு வெளிறும். ஆகவே ஓரத்திலிருந்து பிரஷ்ஷைத் தள்ளியே வையுங்கள்.

நகக்கீறலும் பால் காய்ந்த பொருக்கும் Healing Brush-க்கு உரியவை. வெற்று லேயரில், Sample: Current & Below வைத்து, கீறலைவிடச் சற்றே பெரிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுங்கள். மூக்கின் வெண்புள்ளிகளை விட்டுவிடுங்கள்.

சரிதானா என்று பார்க்கும் விதம்

மீண்டும் Green-ஐ மட்டும் திறந்து 100% அளவில் பாருங்கள். திட்டு மங்கியிருக்கவேண்டும், பூனைமயிரும் மடிப்பும் முன்பிருந்தபடியே இருக்கவேண்டும். மடிப்பு மங்கியிருந்தால் எங்கோ ஒரு லேயரில் Color முறை Normal-ஆக மாறிக்கிடக்கும். அடுத்து படத்தை உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கிப் பார்க்கையில் தெரியாத மஞ்சள் வளையமும் சாம்பல் பூச்சும் சிறிய அளவில் உடனே தெரியும்.

மிஞ்சிப்போனதற்கு இன்னொரு அடையாளம், முகம் மஞ்சளடித்தல். சிவப்பை அளவுக்கு மீறி எடுத்தால் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்ததாகத் தெரியும். அப்படிப் படம் போனால் வீட்டில் கலவரம்தான். நல்ல தோலில் வைத்த புள்ளியின் எண் மாறியிருக்கிறதா என்று Info-வில் பாருங்கள். அது அசைந்திருந்தால் மாஸ்க் எல்லை தாண்டிவிட்டது.

பிள்ளையின் தோலைக் காட்ட மிட்வைஃபுக்கோ டொக்டருக்கோ வட்ஸ்அப்பில் படம் அனுப்பும் வீட்டாருக்குத் திருத்தாத கோப்பையே கொடுங்கள். சிவப்பும் மஞ்சளும்தான் அவர்கள் பார்க்க வேண்டியவை.

"தம்பி, அப்படியே கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்களேன்" என்று பெரியவர்கள் கேட்பது வழமை. திட்டு இருட்டாக இருந்ததால்தான் பிள்ளை கறுத்துத் தெரிந்தது என்று சொல்லி, திருத்திய படத்தையும் பழையதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். அதற்கும் மேல் கேட்டால் நான் முழுப்படத்தின் வெளிச்சத்தைச் சிறிது கூட்டுவேன், தோலை மட்டும் வெளுக்கமாட்டேன். காதோரத்திலும் நகக்கண்ணிலும் பிள்ளையின் இயல்பு நிறம் முந்தியே தெரியும். முகத்தை மட்டும் வெளுத்தால் அந்த இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

அச்சுக்கு

ஸ்டூடியோத் திரைகள் பெரும்பாலும் அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் இருக்கும். பகல் வெளிச்சம் திரையில் நேராக விழாத இடத்தில், திரையின் பிரகாசத்தைப் பாதியளவுக்குக் குறைத்து ஒருமுறை பாருங்கள். லாப்புக்கு sRGB-இல் JPEG அனுப்புங்கள், Quality 11 அல்லது 12. பெரிய பிரேமுக்குப் போகுமுன் 4×6-இல் ஒன்று அடித்து, யன்னலடியில் வைத்துப் பாருங்கள். திரையில் அடங்கியிருந்த சிவப்பு கடதாசியில் எழும்பியிருந்தால் வேலையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை, அந்த Group-இன் Opacity-யைப் பத்துப் புள்ளி கூட்டினால் போதும். லேயர்களோடு PSD கோப்பை வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். முதலாவது பிறந்தநாளுக்குப் பெரிய பிரேம் கேட்டு அதே வீட்டார் வரும்போதும் அந்தக் கோப்பைத்தான் தேடுவீர்கள்.